ஆச்சியின் ஒரே புகைப்படம்: ஏஐ எதை மீட்டுத் தரும், எதைத் தானே வரையும்?

பொதிகைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் ஆச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, இருப்பது ஒரே ஒரு புகைப்படம்தான். 1954-இல் அவருடைய தம்பி திருமணத்தன்று, திருநெல்வேலியிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரை ஊருக்கு வரவழைத்து எடுத்த குழுப்படம் அது. பதினாறு பேர் இருக்கிறார்கள். நிற்கும் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக ஆச்சி நிற்கிறார். 1961-இல் அவர் காலமாகிவிட்டதால் பேரப்பிள்ளைகள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. படம் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, ஆறரை அங்குல அகலமும் நாலேமுக்கால் அங்குல உயரமும் கொண்டது. குறுக்கே ஒரு மடிப்புக் கோடு ஓடுகிறது. மூலைகளில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அந்தக் கோப்பை ஒரு ஏஐ செயலியில் கொடுத்ததும், இமை மயிரை எண்ணிவிடலாம் போன்ற தெளிவுடன் ஆச்சியின் முகம் வந்தது. நிறமும் ஏற்றிக் கொடுத்தது. எங்களுக்கெல்லாம் ஒரே மகிழ்ச்சி. ஆனால் எண்பது வயதாகும் பெரியம்மாவிடம் காட்டியபோது, அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருடே, பம்பாய்க்காரி மாதிரி இருக்கா?" என்று கேட்டார். ஆச்சி இறந்தபோது பெரியம்மாவுக்கு வயது பதினாறு. எனவே முகத்தை நினைவில் வைத்திருப்பவர் வீட்டில் அவர் ஒருவர்தான்.

பெரியம்மா அடையாளம் காணக்கூடிய முகத்தை இந்தப் படத்திலிருந்து எடுக்க முடியுமா, அல்லது அது நடவாத காரியமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மென்பொறியாளன்

நண்பரே, நடக்கும். நீங்கள் பயன்படுத்திய செயலி சரியில்லை, அவ்வளவுதான். படத்தை 4800 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 4800 புள்ளி வீதம், ஸ்கேன் செய்துவிட்டு, ஜிஎஃப்பிகேன் அல்லது கோட்ஃபார்மர் என்ற முகச் சீரமைப்பு ஏஐ மாடல் வழியாக ஓட்டுங்கள். இரண்டும் இலவசம். எங்கள் தாத்தாவின் படத்தை நான் அப்படித்தான் செய்தேன். ஸ்டூடியோவில் நேற்று எடுத்ததைப் போல வந்தது. எவ்வளவு கூடுதல் டிபிஐ கொடுக்கிறோமோ அவ்வளவு விவரம் உள்ளே போகும். மீதியை மாடல் பார்த்துக்கொள்ளும்.

இருட்டறைவாசி

மென்பொறியாளன் தம்பி சொன்னதில் பாதி சரி. மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது சரி, 4800 தேவையில்லை, "மீதியை மாடல் பார்த்துக்கொள்ளும்" என்ற இடத்தில்தான் பெரியம்மாவின் கேள்வி பிறக்கிறது. நான் 1978 முதல் ஸ்டூடியோ இருட்டறையில் வேலை பார்த்தவன். இப்போது குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆச்சியின் முகத்தை ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள். அந்த அகலத்தில் எட்டுப் பேர் வரிசையாக நின்றால், முன்நெற்றியிலிருந்து தாடை வரை ஏறத்தாழ 9 மி.மீ. இருக்கும். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் அந்த 9 மி.மீ. சுமார் 106 பிக்சல் உயரமாகும். முழுப் படம் 1950 பிக்சல் அகலம் வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அது 1600-க்குச் சுருங்கியிருந்தால், முகத்துக்குக் கிடைப்பது 87 பிக்சல்தான். அழுத்தத்தில் போனது வேறு.

இந்த முகச் சீரமைப்பு மாடல்கள் ஒவ்வொரு முகத்தையும் தனியே வெட்டி எடுத்து, 512 பிக்சல் சதுரத்துக்குப் பெரிதாக்கி, அங்கே வேலை செய்துவிட்டு மீண்டும் படத்தில் ஒட்டுகின்றன. 87 பிக்சலில் கண் ஒன்றுக்குப் பதினைந்து பிக்சல் அகலம்கூடத் தேறாது. அதில் இமை மயிர் இருக்க வழியே இல்லை. அப்படியானால் நீங்கள் எண்ணிப் பார்த்த இமை மயிர் எங்கிருந்து வந்தது? மாடல் பயிற்சி பெற்ற முகங்களிலிருந்து வந்தது. ஜிஎஃப்பிகேனும் கோட்ஃபார்மரும் பயிற்சி பெற்றது, ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகப்படத் தொகுப்பில். நம் ஊர்ப் பக்கத்து 1950-களின் முகங்கள் அதில் எத்தனை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். 2020-இல் இதே வகையைச் சேர்ந்த பல்ஸ் என்னும் மென்பொருளில் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, தெள்ளத் தெளிவாக ஒரு வெள்ளைக்காரரின் முகம் வந்தது. அது அப்போது பெரிய சர்ச்சையாயிற்று. உங்கள் பெரியம்மா பம்பாய்க்காரி என்று சொன்னது அதே நோயைத்தான்.

ஆகவே அடுத்த வேலை நல்ல ஸ்கேன். அட்டையோடு அப்படியே தட்டை ஸ்கேனரில் வைத்து, கருப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்தில், 1200 டிபிஐ-யில், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனர் மென்பொருளில் கூர்மையாக்குதல், தூசி நீக்குதல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வண்ணத்தில் ஏன் என்றால், அப்போது படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அலைவரிசைகளாகப் பதிவாகும்; பழுப்புக் கறை நீல அலைவரிசையில் அழுத்தமாகவும் சிவப்பு அலைவரிசையில் மிக வெளிறியும் தெரியும். சிவப்பை மட்டும் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கினால் கறையில் பெரும்பகுதி தானே விலகிவிடும். அதற்கு எந்த ஏஐ-யும் வேண்டாம்.

1200-இல் ஆச்சியின் முகத்துக்கு 425 பிக்சல் கிடைக்கும். அத்தனை பிக்சலிலும் விவரம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். தாளில் இருப்பதற்கு மேல் ஸ்கேனர் தராது. தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. 1200 கோப்பைப் பாதியாகச் சுருக்கி, மறுபடி இரட்டிப்பாக்கி, அதையும் மூலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாற்றி மாற்றிப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் 600-க்கு மேல் உங்கள் தாளில் எதுவும் இல்லை என்று பொருள். பெரும்பாலான அச்சுகளில் அப்படித்தான் முடியும். 4800 வைத்தால் கோப்பு பதினாறு மடங்கு வீங்கும். ஆச்சியின் முகத்துக்கு ஒரு சுருக்கம்கூடக் கூடுதலாக வராது.

ரோஜாக்கூட்டம்

எங்கள் வீட்டு 1982-ஆம் ஆண்டுத் திருமண ஆல்பமும் இப்படித்தான் கெட்டுவிட்டது. எல்லோரும் செம்மண் பூசியதுபோல் சிவந்திருக்கிறார்கள். கருப்பு வெள்ளையாக்கிவிட்டு ஏஐ மூலம் புது நிறம் ஏற்றலாமா?

இருட்டறைவாசி

வேண்டாம் அம்மா. உங்களுடையது வேறு கதை. அந்தக் காலத்து வண்ண அச்சுகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட விரைவாக மங்கிவிட்டதால் படம் சிவந்து தெரிகிறது; ஆனால் உண்மையான நிறத்தின் மிச்சம் உள்ளேயே இருக்கிறது. கருப்பு வெள்ளையாக்கினால் அந்த மிச்சத்தையும் நீங்களே அழித்ததாகும். வண்ணத்தில் ஸ்கேன் செய்து, ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியே இழுத்துச் சரிசெய்யுங்கள். வெள்ளை வேட்டி ஏதாவது படத்தில் இருந்தால் அதை வெள்ளையாக்கும் வரை நகர்த்துங்கள். மற்றவை பெருமளவு தாமே கூடிவரும்.

வல்லைவெளி

நான் டொராண்டோவில் இருக்கிறேன். இதே விடயத்தில் எனக்கும் ஒரு உதவி வேண்டும். எங்கள் அப்பாவின் படங்கள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. மிஞ்சியது அவருடைய தேசிய அடையாள அட்டை மட்டும்தான். அது யாழ்ப்பாணத்தில் தம்பியிடம் இருக்கிறது. தம்பி கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படத்தை ஏஐ-யில் கொடுத்தேன். கன்னத்தில் விழுந்திருந்த முத்திரைக் கோட்டை அது தாடியாக மாற்றிவிட்டது. அப்பா ஒருநாளும் தாடி வைத்ததில்லை. குழுப்படத்திலேயே இவ்வளவு சிரமம் என்றால், தபால்தலை அளவுப் படத்தில் என்ன கிடைக்கப்போகிறது என்று மனம் விட்டுப்போய்விட்டது.

இருட்டறைவாசி

மனம் விட வேண்டாம். உங்கள் நிலைமை பொதிகைச்சாரலின் நிலைமையைவிட நல்லது. கணக்கில் வருவது படத்தின் அளவல்ல, முகத்தின் அளவு. அடையாள அட்டைப் படத்தில் முகம் மட்டுமே நிறைந்திருக்கும். முன்நெற்றியிலிருந்து தாடை வரை 20 மி.மீ. இருந்தால்கூட, 1200 டிபிஐ-யில் 945 பிக்சல் கிடைக்கும். தம்பியிடம் சொல்லி, அட்டையை ஒரு தட்டை ஸ்கேனரில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே கூடாது. படத்தின் மேல்தோல் அதோடு வந்துவிடும்.

முத்திரைக் கோட்டை முகச் சீரமைப்பு மாடலிடம் விடாமல், ஜிம்ப்பில் ஆற்றும் கருவியைக் கொண்டு பக்கத்துத் தோலை எடுத்துக் கையால் மூடுங்கள். ஒரு மணி நேர வேலை. அதை முடித்தபின் அநேகமாக மாடலே தேவைப்படாது. முத்திரை நீல மையாக இருந்தால் இன்னும் சுலபம். மேலே கறைக்குச் சொன்ன வழியைத் தலைகீழாக்கி, நீல அலைவரிசையை எடுத்துப் பார்த்தால் மை வெளிறிவிடும்.

பொதிகைச்சாரல்

ஐயா, நீங்கள் சொன்னபடி பாளையங்கோட்டையில் ஒரு நண்பரின் ஸ்கேனரில் 1200-இல் எடுத்துவிட்டேன். ஆச்சியின் முகம் நீங்கள் மதிப்பிட்டபடியே 9 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. சுருக்கிப் பெரிதாக்கும் சோதனையில், எனக்குத் தெரிந்தவரை 600-க்கும் 1200-க்கும் வேறுபாடு இல்லை. ஆகவே உண்மையில் எனக்குக் கிடைத்திருப்பது 213 பிக்சல் முகம்.

ஆனால் எந்த ஏஐ-யும் தொடாத அந்த ஸ்கேனிலேயே, இதுவரை நாங்கள் பார்க்காத இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஆச்சிக்கு மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி இருக்கிறது. காதில் பாம்படம் தொங்குகிறது. வளர்த்த காதின் துளை வழியாகப் பின்னால் நிற்பவரின் வெள்ளைச் சட்டை ஒரு கீற்றாகத் தெரிகிறது. பழைய கோப்பில் இது வெறும் நிழலாக இருந்தது. முதலில் வந்த ஏஐ படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பாம்படத்தை அது கழுத்தில் விழுந்த ஒரு முடிக்கற்றையாக மாற்றியிருக்கிறது. வலது மூக்குத்தியைத் தூசி என்று துடைத்துவிட்டது. இதைவிடக் கொடுமை, ஆச்சிக்கு இரண்டு இடம் தள்ளி நிற்கும் அவருடைய நாத்தனாருக்கும் ஆச்சிக்கும் ஒரே கண்ணைக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் வெட்டிப் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிறவிகள்போல் இருக்கிறார்கள்.

இப்போது 213 பிக்சலை வைத்து கோட்ஃபார்மரை ஓட்டலாமா?

மென்பொறியாளன்

ஓட்டலாம். அதில் `-w` என்று ஓர் அளவு இருக்கிறது. 0 என்றால் மாடல் தன் கற்பனைக்கு முழுச் சுதந்திரம் எடுத்துக்கொள்ளும். 1 என்றால் நீங்கள் கொடுத்த முகத்தை ஒட்டியே நிற்கும். எல்லோரும் பளபளப்பு வேண்டும் என்று 0.5-இல் வைத்துவிடுகிறார்கள். நீங்கள் 0.9 வையுங்கள். பெரிதாக்காமல் அதே அளவில் வரவேண்டுமென்றால் `-s 1` கொடுங்கள்.

```
python inference_codeformer.py -w 0.9 -s 1 --input_path aachi.png
```

பாம்படம் விஷயம் எனக்குப் புதிது. முகம்தான் மாறும் என்று நினைத்திருந்தேன். நகை மாறும் என்று எதிர்பார்க்கவில்லை.

இருட்டறைவாசி

`-s 1` நல்ல யோசனை தம்பி; இரண்டையும் மேல் மேலாக அடுக்கிப் பார்க்க அதுதான் வசதி.

ஓட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள், பொதிகைச்சாரல். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த ஒருவரின் இன்றைய படத்தை எடுத்து, கருப்பு வெள்ளையாக்கி, முகம் 213 பிக்சல் வரும்படி சுருக்கி, லேசாக மங்கலாக்கி, மணல் தூவியது போன்ற புள்ளிகளும் கொஞ்சம் சேர்த்து, அதே கட்டளையில் ஓட்டுங்கள். பிறகு 87 பிக்சலுக்குச் சுருக்கியும் ஒருமுறை ஓட்டுங்கள். யார் என்று சொல்லாமல் வீட்டாரிடம் காட்டுங்கள். ஆச்சியின் முகம் சரியா தவறா என்று சொல்ல நம்மிடம் வேறு படம் இல்லை. ஆனால் இந்த அளவு முகத்தை இந்த மாடல் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதைத் தெரிந்த முகத்தில் அளந்துவிடலாம். வாடிக்கையாளர்களிடம் நான் காசு வாங்குவதற்கு முன் இதைத்தான் செய்து காட்டுகிறேன். பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு வேலையே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். அது என் பிழைப்புக்கு நல்லதல்ல என்பது வேறு.

பொதிகைச்சாரல்

செய்து பார்த்தேன். அண்ணன் மகளின் படத்தை எடுத்துக்கொண்டேன். 213 பிக்சலில் வந்த முகத்தை அம்மாவும் அண்ணியும் உடனே கண்டுகொண்டார்கள். ஆனால் அண்ணி மட்டும், "பல் வரிசை அவளுடையது இல்லை" என்றார். அவளுக்கு முன் பல் ஒன்று சற்று ஏறியிருக்கும். மாடல் அதை நேராக்கிவிட்டது. 87 பிக்சலில் வந்த முகத்தை, இவளுக்கு அத்தை பெண்ணா என்று அம்மா கேட்டார். ஆக, எங்கள் முதல் முயற்சியில் வந்தது யார் என்பது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

அதன்பிறகு ஆச்சியின் முகத்தை 0.9-இல் ஓட்டினேன். முகவெட்டு மாறவில்லை என்றே நினைக்கிறேன். கன்னத்திலும் நெற்றியிலும் இருந்த கீறலும் மணற்புள்ளிகளும் அழகாகப் போயின. ஆனால் 0.9-இலும் வலது மூக்குத்தி பாதி கரைந்துவிட்டது. பாம்படத்தின் துளை அடைபட்டுவிட்டது.

கயல்_ஆவணம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நகையையும் காதையும் மாடலுக்குக் கொடுக்கவே வேண்டாமே. ஜிம்ப்பில் மூல ஸ்கேனைக் கீழ் அடுக்காகவும் கோட்ஃபார்மர் முடிவை மேல் அடுக்காகவும் வைத்து, மேல் அடுக்குக்கு அதை முழுதும் மறைக்கும் ஒரு கருப்பு முகமூடியைச் சேருங்கள். கன்னம், நெற்றி, கழுத்து ஆகிய இடங்களில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். கண், மூக்கு, வாய், காது நான்கும் மூலத்திலிருந்தே வரட்டும். மேல் அடுக்கின் அடர்த்தியையும் பாதியாகக் குறையுங்கள். முகத்தின் அடையாளம் இருக்கும் இடங்களில் உண்மையான மங்கலும், அடையாளம் இல்லாத தோல் பரப்பில் மட்டும் மாடலின் துப்புரவும் இருக்கும். முடிவு பளிச்சென்று இருக்காது; ஆனால் ஆச்சி ஆச்சியாக இருப்பார்.

இன்னொன்று: தானியங்கித் தூசி நீக்கத்தை முழுப் படத்துக்கும் பாய்ச்சாதீர்கள். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் படத்தில், பாட்டி கட்டியிருந்த சுங்குடிச் சேலையின் வெள்ளைப் புள்ளிகள் அத்தனையையும் தூசி என்று மென்பொருள் துடைத்துவிட்டு, வெறும் கருநிறச் சேலையாக்கிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காததால், அந்தப் புள்ளியில்லாத சேலையே இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

பொதிகைச்சாரல்

முகமூடி முறை வேலை செய்தது. மடிப்புக் கோடு தாத்தாவின் மார்பு வழியாகப் போகிறது. அதை ஆற்றும் கருவியால் கையாலேயே மூடினேன். பெரியம்மாவிடம் கைப்பேசியில் காட்டினேன். பெரிதாக்கி, சிறிதாக்கி, காதைப் பார்த்தார். "இந்தப் பாம்படம் ஒண்ணு பெரியவனுக்கு டைபாய்டு வந்தப்ப அடகுக்குப் போயிட்டு" என்றார். யார் என்று கேட்கவே இல்லை.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். டீஓல்டிஃபை என்ற நிறமூட்டும் மென்பொருளில் ஓட்டினேன். ஆச்சியின் சேலை மங்கிய நீலமாக வந்தது. பெரியம்மா அது அரக்கு நிறம் என்கிறார். பொட்டு கன்னங்கரேலென்று இருக்கிறது. முகம் வெளுப்பாகவும் கை கருப்பாகவும் இருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

இருட்டறைவாசி

நிறத்தில் "மீட்பது" என்ற சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை. கருப்பு வெள்ளைப் படத்தில் ஒளியளவு மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. நிறமூட்டும் மென்பொருள் அந்த ஒளியளவை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே நிறத்தை ஊகித்துப் பூசுகிறது. அரக்கும் நீலமும் பச்சையும் ஒரே சாம்பலாகப் பதிவாகியிருக்கும்போது, எது என்று அதற்குத் தெரிய வழியில்லை. `render_factor` என்ற அளவை 20, 30, 40 என்று மாற்றி மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் மாறாமல் வருபவை மரத்து இலை, தோல், வானம் போன்றவை. ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறதென்றால் அது வெறும் ஊகம். மாறாமல் வந்தாலும் சரி என்று பொருளில்லை. ஒரே தவற்றை மூன்று முறை செய்திருக்கலாம்.

பொட்டுக்கும் சேலைக்கும் இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்தக் காலத்தில் பல ஸ்டூடியோக்கள் சிவப்பு ஒளியை உணராத கண்ணாடி நெகட்டிவ் பிலேட்டுகளையும் பிலிமையும் பயன்படுத்தின. சிவப்பு விளக்கில் வைத்தே கழுவலாம் என்பது அதன் வசதி. அதில் சிவப்புப் பொருள் ஏறக்குறைய கருப்பாகவே பதிவாகும். குங்குமம் கரும்புள்ளியாகும், உதடு கறுக்கும், அரக்குச் சேலை கருஞ்சேலையாகும். ஒளியளவே பொய்யாகப் பதிவாகியிருக்கும்போது, அதை மாற்றாமல் மேலே நிறம் பூசும் மென்பொருள் அந்தப் பொய்யை நிறத்தோடு நிலைநிறுத்திவிடுகிறது. உங்கள் படத்தில் எல்லோருக்கும் உதடு கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அத்தகைய பிலேட் என்று சந்தேகிக்கலாம்.

முகமும் கையும் வேறாக இருப்பதற்கு எங்கள் தொழிலே காரணமாக இருக்கலாம். நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் முகத்தை நிரப்பி, அச்சில் அது வெளுத்துத் தெரியும்படி செய்வது அன்றைய வழக்கம். நானும் எத்தனையோ முகங்களுக்குச் செய்திருக்கிறேன். கைக்கு யாரும் பென்சில் தொடமாட்டார்கள். ஆனால் குழுப்படத்தில் மணமக்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். ஆச்சிக்கும் செய்திருந்தால் ஸ்டூடியோக்காரர் உங்கள் குடும்பத்துக்கு வேண்டியவராக இருந்திருப்பார்.

என்ன செய்யலாம் என்றால், தானியங்கி நிறத்தைச் சேலைக்கு மட்டும் நீக்கிவிட்டு, அந்த இடத்தின் ஒளியளவைச் சற்று உயர்த்தி, பெரியம்மா காட்டும் சேலை நிறத்தை நிறம்-மட்டும் அடுக்கில் கையால் பூசுங்கள். பெட்டியில் அதே மாதிரிச் சேலை ஏதாவது இருந்தால், நினைவைவிட அதை நம்புங்கள்.

பொதிகைச்சாரல்

உதடு எல்லோருக்கும் கறுத்துத்தான் இருக்கிறது, வெற்றிலை போட்டவர்கள் போல. பொட்டு பற்றிப் பெரியம்மாவிடம் கேட்டேன். குங்குமமா என்றால், "சாந்துப் பொட்டும் வைப்பா, குங்குமமும் வைப்பா, அன்னைக்கு எதை வச்சான்னு யாருக்குத் தெரியும்" என்கிறார். சாந்து என்றால் அது உண்மையிலேயே கருப்பு.

கயல்_ஆவணம்

என்னைக் கேட்டால் பொட்டைக் கருப்பாகவே விடுங்கள். படத்தில் இருப்பது அதுதான்.

இருட்டறைவாசி

நான் சிவப்பாக்குவேன். கல்யாண வீட்டில், சுமங்கலி, அண்ணன் தம்பி சூழ நிற்கும்போது குங்குமம்தான் வைத்திருப்பார். அதோடு அந்தப் பிலேட்டின் குணமும் அப்படியே சொல்கிறது.

கயல்_ஆவணம்

அது உங்கள் ஊகம் ஐயா, பிலேட்டின் சாட்சி அல்ல. சாந்தும் குங்குமமும் அந்தப் பிலேட்டில் ஒரே கருப்பு என்றால், அது இரண்டுக்கும் பொதுவாகத்தானே பேசுகிறது? இதற்குத்தான் நான் நிறமூட்டிய படத்தைத் தனிக் கோப்பாக வைத்து, அடி ஓரத்தில் "நிறம் 2025-இல் ஊகத்தின் பேரில் ஏற்றப்பட்டது, சேலை நிறம் மகள் நினைவு" என்று படத்துக்குள்ளேயே எழுதச் சொல்கிறேன். கோப்பின் பெயரில் எழுதினால் வாட்ஸ்அப் ஒருமுறை போய்வந்ததும் பெயர் மாறிவிடும். 2021-இல் கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின் கொலைக்கூடமாக இருந்த துவோல் ஸ்லெங் சிறையின் கைதிகள் படங்களுக்கு ஒருவர் நிறமூட்டியபோது, சிலருடைய முகத்தில் புன்னகையும் சேர்ந்திருந்தது. கம்போடிய அரசு எதிர்ப்புத் தெரிவித்து, படங்கள் நீக்கப்பட்டன. நம் வீட்டுப் படத்துக்கு எதிர்ப்புத் தெரிவிக்க ஆள் இருப்பது பெரியம்மா இருக்கும்வரைதான்.

மென்பொறியாளன்

நேற்று இரவு எங்கள் தாத்தா படத்தின் மூலத்தைத் தேடி எடுத்து, நான் செய்ததோடு அடுக்கிப் பார்த்தேன். இடது புருவத்தில் மாடு முட்டிய தழும்பு ஒன்று அவருக்கு உண்டு. நான் செய்ததில் புருவம் முழுசாக இருக்கிறது. மூன்று வருடமாகச் சுவரில் தொங்குகிறது. ஆத்தாவும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி 0.9-இல் ஓட்டி, புருவத்தை மூலத்திலிருந்து எடுக்கப் போகிறேன். ஆனால் `-w` எவ்வளவு உயர்த்தினாலும் மங்கல் மிஞ்சுகிறது. ஆத்தாவுக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை.

இருட்டறைவாசி

பொதிகைச்சாரல், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அட்டையின் பின்புறமோ கீழோரத்திலோ ஸ்டூடியோவின் பெயர் அச்சடித்திருக்கிறதா? அந்த அளவு அரைப் பிலேட் அளவு. நெகட்டிவை அப்படியே தாளோடு ஒட்டி வைத்து எடுத்த அச்சாக இருக்கலாம்.

பொதிகைச்சாரல்

கீழோரத்தில் புடைப்பு எழுத்தில் இருக்கிறது ஐயா. அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது. விசாரித்ததில், ஸ்டூடியோக்காரரின் மகன் டவுனிலேயே இருக்கிறாராம். மச்சில் கண்ணாடி பிலேட் பெட்டிகள் சில கிடக்கின்றன, ஆனால் பாதியைச் சுரண்டிவிட்டு ஜன்னலுக்குப் போட்டுவிட்டோம் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இருட்டறைவாசி

போய்ப் பாருங்கள். பிலேட் கிடைத்தால் துணியால் துடைக்காதீர்கள். காய்ந்த துணிகூடக் கூடாது. மங்கலாக இருக்கும் பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அதில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, பிலேட்டுக்குப் பிலேட் வெள்ளைத்தாள் வைத்து, படுக்கவைக்காமல் நிறுத்தி எடுத்து வாருங்கள். தாளைவிடக் கண்ணாடியில் விவரம் கூடுதலாக இருக்கும். அதில் ஆச்சியின் முகத்துக்கு எத்தனை பிக்சல் தேறுகிறது என்று பார்த்துவிட்டு, கோட்ஃபார்மர் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம்.